துவித மரப் படத்தில் தேடல் வழிதவறினால்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

கல்லடியில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். உயர்தரப் பிள்ளைகளும் வருவார்கள், வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் முதலாம் வருடம் படிக்கிறவர்களும் வருவார்கள். துவித மரம் என்று வந்தால் இவர்கள் கொண்டுவரும் சந்தேகம் அநேகமாக ஒன்றுதான்: "சேர், நான் தேடினது ஒரு பக்கம் போகுது, விடை வேற பக்கம் கிடக்கு." எங்கே பிசகுகிறது என்பதை அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கலாம். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அது இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்ததுக்குப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் இந்த ஒரு படம் போதும். ஒரு கொப்பித் தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

```
                    47
            /            \
    21                      68
  /     \                 /    \
12          35          59      80
          /    \
        29      42
```

உச்சியில் இருக்கும் 47 தான் வேர். மரத்தைத் தலைகீழாக நட்டு வைத்த மாதிரி. ஒவ்வொரு எண்ணும் ஒரு கணு. ஒரு கணுவில் இருந்து கோட்டால் நேரே கீழே தொங்கும் கணு அதன் பிள்ளை, மேலே இருப்பது தாய். ஒரு கணுவுக்குக் கீழே இடப் பக்கம் கிடப்பவை எல்லாம் அதைவிடச் சிறியவை, வலப் பக்கம் கிடப்பவை எல்லாம் பெரியவை. இந்த "எல்லாம்" என்ற சொல்லில் ஒரு விரலை வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

## அறிகுறி 1: முதல் இரண்டு படியிலேயே தவறான பக்கம் திரும்புகிறது

42 ஐத் தேடச் சொன்னால் 47 இல் இருந்து வலப் பக்கம் போய்விடுகிறார்கள். பெரும்பாலும் கேள்வியைத் திருப்பிக் கேட்பதுதான் காரணம். "47, 42 ஐ விடப் பெரிது" என்று மனதுக்குள் சொல்கிறார்கள், "பெரிது" என்ற சொல் காதில் விழுந்ததும் கை வலப் பக்கம் போகிறது. எப்போதும் தேடும் எண்ணை முதலில் சொல்லுங்கள்: "42, 47 ஐ விடச் சிறிது. ஆகவே இடம்." வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். என் வகுப்பில் பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

அப்படியும் சரிவரவில்லை என்றால், ஒற்றைப் பிள்ளை உள்ள கணுவைப் பாருங்கள். இடம் மிச்சம் பிடிக்க அந்த ஒற்றைப் பிள்ளையை நேர் கீழே ஒரு நிமிர்ந்த கோட்டில் வரைந்துவிடும் புத்தகங்கள் உண்டு. அது இடமா வலமா? துவித மரத்தில் அது முக்கியம், "ஒரு பிள்ளை" என்று மட்டும் சொல்லி விட முடியாது. பிள்ளையின் எண் தாய்க் கணுவைவிடச் சிறிதா பெரிதா என்று பார்த்து, கோட்டைப் பென்சிலால் சரித்து வரைந்துவிட்டுத் தொடருங்கள்.

## அறிகுறி 2: எண் படத்தில் கண்முன்னே இருக்கிறது, தேடினால் "இல்லை" என்று வருகிறது

இதுதான் ஆளை அலைக்கழிக்கிறது. போன வருடம் ஒரு பிள்ளை ஒரு ரியூட்டைக் கொண்டுவந்தாள். எங்கே அடித்த ரியூட் என்பது வேண்டாம். மேலே உள்ள இதே வடிவ மரம்தான், ஆனால் 42 இருக்கும் இடத்தில் 52 என்று இருந்தது. கேள்வி: "52 ஐத் தேடும்போது எத்தனை கணுக்கள் பார்க்கப்படும்?" பின்பக்கத்தில் விடை 4. அவளுக்கு வந்தது 3, அதுவும் கடைசியில் கிடைக்கவே இல்லை. இரவு முழுக்கத் தன் பிழை என்று நினைத்து நாலு தரம் செய்திருக்கிறாள்.

அவள் செய்தது இதுதான். 52, 47 ஐ விடப் பெரிது, வலம். 68 ஐ விடச் சிறிது, இடம். 59 ஐ விடச் சிறிது, இடம். அங்கே ஒன்றுமில்லை. முடிந்தது. ஆனால் படத்தில் 35 இன் வலப் பிள்ளையாக 52 சும்மா உட்கார்ந்திருக்கிறது. காத்தான்குடிக்குப் போக வேண்டியவர் கல்லடிப் பாலம் ஏறாமல் ஏறாவூர் ரோட்டில் போனால் காத்தான்குடி வராது. இங்கே நிலைமை மற்றப் பக்கம். தேடியவள் சரியான ரோட்டில்தான் போனாள், ஊரைத்தான் தவறான ரோட்டில் வைத்திருக்கிறார்கள்.

### முதலில் பார்க்க வேண்டியது: இது தேடல் மரம்தானா?

அரை நிமிட வேலை. துவித மரம் என்றால் ஒரு கணுவுக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் இல்லை என்பது மட்டும்தான். சிறியது இடம், பெரியது வலம் என்ற ஒழுங்கு துவிதத் தேடல் மரத்துக்கு மட்டும் உரியது. புத்தகங்களில் இரண்டு படமும் ஒரே மாதிரித்தான் இருக்கும், தலைப்பில் ஒரு சொல் கூடக் குறைய இருக்கும், அவ்வளவுதான்.

கணுக்களில் `+`, `*` போன்ற குறிகள் இருந்தால் அது கணக்குக் கோவைக்கான மரம். வேரில் உள்ள எண்ணே மரத்தில் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்து, அதற்கு வலப் பக்கமும் பிள்ளை இருந்தால் அது தேடல் மரமாக இருக்கவே முடியாது, ஏனென்றால் வலப் பக்கம் வேரைவிடப் பெரியது இருக்க வேண்டும். அப்படி வந்தால் அது பெரும்பாலும் குவியல் என்கிற ஹீப். அதில் ஓர் எண்ணைத் தேட இடம் வலம் பார்த்துப் போக முடியாது, ஒவ்வொன்றாகத் துழாவத்தான் வேண்டும். அந்தப் பிள்ளையின் ரியூட்டில் தேடல் மரம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஆக இது இல்லை.

### அடுத்தது: அடிமட்டத்தை வைத்துத் தள்ளுங்கள்

அடிமட்டத்தைப் படத்தின் மேல் நிமிர்த்தி வையுங்கள். இடக் கரையில் இருந்து வலக் கரைக்கு மெல்ல நகர்த்துங்கள். அடிமட்டம் தொடும் எண்ணை ஒவ்வொன்றாக எழுதுங்கள். மேலே உள்ள படத்தில் 12, 21, 29, 35, 42, 47, 59, 68, 80 என்று வரும். ஏறுவரிசை. மரம் சுகமாக இருக்கிறது.

ரியூட்டின் படத்தில் வந்தது 12, 21, 29, 35, 52, 47, 59, 68, 80. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் இடையில் வரிசை விழுந்துவிட்டது. அவ்வளவுதான், நோய் பிடிபட்டுவிட்டது.

இந்த வேலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு கணுவின் இடப் பக்கத்துக் குடும்பம் முழுவதும் அந்தக் கணுவின் நேர்கோட்டுக்கு இடப் புறமாக வரையப்பட்டிருக்க வேண்டும். நெருக்கி அச்சடித்த படங்களில் 42 ஐ 47 க்கு நேர் கீழேயோ அதைத் தாண்டியோ தள்ளிவிடுவார்கள். அப்போது அடிமட்டம் பொய் சொல்லும். அப்படியான படத்துக்கு அடுத்த வழி.

### எல்லை எழுதிப் பார்ப்பது

கொஞ்சம் நேரம் எடுக்கும், ஆனால் படம் எப்படி வரையப்பட்டிருந்தாலும் தப்பாது. வேரில் இருந்து கீழே இறங்கும்போது ஒவ்வொரு கணுவின் பக்கத்திலும் அது எந்த எண்ணுக்கும் எந்த எண்ணுக்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பென்சிலால் எழுதுங்கள். இடம் திரும்பினால் மேல் எல்லை மாறும், வலம் திரும்பினால் கீழ் எல்லை மாறும், மற்றது அப்படியே கூட வரும்.

47 க்கு எல்லை இல்லை. இடம் திரும்பி 21 க்கு வருகிறோம்: 47 க்குக் குறைய இருக்க வேண்டும், சரி. அங்கிருந்து வலம், 35: 21 க்கும் 47 க்கும் இடையில், சரி. இன்னொரு வலம்: 35 க்கும் 47 க்கும் இடையில். அங்கே 52 இருக்கிறது. பிடிபட்டுவிட்டது.

பிள்ளைகள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். அவர்கள் தாயையும் பிள்ளையையும் மட்டும் ஒப்பிடுகிறார்கள். 52, 35 ஐ விடப் பெரிது, வலப் பக்கம் இருக்கிறது, எல்லாம் ஒழுங்கு என்று படுகிறது. தாய்க்குப் பொருந்துகிறது, பூட்டிக்குப் பொருந்தவில்லை. 47 க்கு இடப் பக்கம் இருப்பவை *எல்லாம்* 47 ஐ விடச் சிறியவையாக இருக்க வேண்டும் என்பதை 52 மீறிவிட்டது. விரலை வைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

இன்னொன்று. இப்படியான பிழை வெளியே தெரியாமல் வெகுநாள் கிடக்கும். அந்தப் பிழையான படத்தில் 29 ஐத் தேடுங்கள், கிடைக்கும். 80 கிடைக்கும். மரத்தில் இல்லாத 44 ஐத் தேடினாலும் சரியாக "இல்லை" என்றே வரும். 52 ஐத் தேடினால் மட்டும்தான் கோளாறு. ஆகவே "மற்றக் கேள்விக்கெல்லாம் சரியாக வந்ததே" என்பது மரம் சரி என்பதற்குச் சாட்சி அல்ல.

### செலவு கூடினது: திரும்பக் கட்டுவது

எண்கள் எந்த வரிசையில் மரத்தில் இடப்பட்டன என்று கேள்வியில் தந்திருந்தால், வெறுந்தாளில் முதலில் இருந்து கட்டிப் பாருங்கள். முதல் எண் வேர். அடுத்து வரும் ஒவ்வொன்றையும் வேரில் இருந்து தேடிக்கொண்டு போய், "இல்லை" என்று முடிகிற வெறும் இடத்தில் வையுங்கள். 52 இந்த மரத்தில் போய் விழுவது 59 இன் இடப் பிள்ளையாக, அதாவது அந்தப் பிள்ளையின் தேடல் முடிந்த அதே இடத்தில்.

### எப்போது விரிவுரையாளரிடம் போவது

எல்லை எழுதி, ஒரு கணு பொருந்தவில்லை என்று உறுதியானால் அதற்கு மேல் மினக்கெட வேண்டாம். அச்சுப் பிழை. எல்லை எழுதிய படத்தோடு போய்க் காட்டுங்கள். சும்மா "விடை பிழை சேர்" என்றால் "திரும்பச் செய்து பாரும்" என்றுதான் பதில் வரும். அவள் பென்சில் குறிப்போடு போனாள், ஒரு நிமிடத்தில் 52 ஐ 42 என்று வெட்டித் திருத்திக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே எண் இரண்டு தரம் இருக்கும் மரத்தையும் நீங்களாகத் தீர்க்க முயல வேண்டாம். சமமான எண்ணை இடப் பக்கம் வைப்பதா, வலப் பக்கம் வைப்பதா, சேர்க்காமலே விடுவதா என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்குப் படிப்பிப்பவர் எதை வைத்திருக்கிறார் என்று கேட்பதுதான் வழி.

## அறிகுறி 3: தேடல் மரம் முழுவதையும் சுற்றி வருகிறது

42 ஐத் தேடச் சொன்னால் 47, 21, 12, 35, 29, 42 என்று 6 கணு எழுதி வருவார்கள். இது தேடல் அல்ல, முன்வரிசை நடை. சிலர் மேல்மட்டத்தில் இருந்து வரி வரியாக வாசித்து 9 கணுவையும் எழுதுவார்கள். முதல் நாள் மரத்தில் நடப்பது எப்படி என்று படித்த கை, இரண்டாம் நாள் தேடலிலும் அதையே செய்கிறது.

பார்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பாதையில் எங்காவது மேலே திரும்பி ஏறியிருக்கிறீர்களா? 12 க்குப் பிறகு 35 க்குப் போக வேண்டுமென்றால் 21 க்கு ஏறித்தான் இறங்க வேண்டும். தேடல் மரத்தில் தேடும்போது ஏறுவது என்ற பேச்சே இல்லை. 47, 21, 35, 42. ஒவ்வொரு கணுவிலும் ஒரு பக்கத்தைக் கைவிடுகிறோம், கைவிட்ட பக்கத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 47 இல் இடம் திரும்பிய கணத்தில் 68, 59, 80 மூன்றும் கணக்கில் இருந்து போய்விட்டன. கையால் அந்தப் பாதியை மறைத்துவிட்டுத் தொடரச் சொல்லுவேன், நன்றாக வேலை செய்யும்.

## அறிகுறி 4: பாதை சரி, எண்ணிக்கை மட்டும் ஒன்றால் பிசகுகிறது

கணுவை எண்ணினீர்களா, கோட்டை எண்ணினீர்களா? 42 க்குப் போகும் பாதையில் கணு 4, கோடு 3. வினாவில் "எத்தனை கணுக்கள்" என்றால் 4. மரத்தின் உயரம் கேட்டால்தான் சங்கடம்: சிலர் கணுவை எண்ணி இந்த மரத்தின் உயரம் 4 என்பார்கள், சிலர் கோட்டை எண்ணி 3 என்பார்கள். இரண்டுமே புத்தகங்களில் உண்டு. உங்கள் பாடநெறியில் எது என்று ஒருதரம் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

கிடைக்காத எண்ணிலும் இதே பிசகு வரும். 33 ஐத் தேடினால் 47, 21, 35, 29, பிறகு 29 இன் வலப் பக்கம் வெறுமை. பார்த்த கணு 4. வெறுமையைக் கணுவாக எண்ணி 5 என்று எழுதுபவர்கள் உண்டு. அங்கே ஒப்பிட எண்ணே இல்லை.

"எத்தனை ஒப்பீடுகள்" என்று கேட்டு, பக்கத்தில் செய்நிரலும் தந்திருந்தால் நிதானமாக வாசியுங்கள்.

```python
def search(node, key):
    while node is not None:
        if key == node.value:
            return node
        if key < node.value:
            node = node.left
        else:
            node = node.right
    return None
```

இதில் ஒரு கணுவில் சமமா என்று ஒரு தரம், சிறிதா என்று ஒரு தரம் எண்ணை ஒப்பிடுகிறது. 42 க்கு 47, 21, 35 மூன்றிலும் இரண்டிரண்டு, கடைசியில் 42 இல் ஒன்று, ஆக 7. கையால் செய்யும்போது ஒரு கணுவுக்கு ஒன்று என்று எண்ணி 4 என்போம். கேள்வி படத்தைப் பற்றியதா, நிரலைப் பற்றியதா என்று பார்த்து எழுதுங்கள்.

## அறிகுறி 5: எண்கள் ஒன்றே, படம் வேறு, தேடல் நீண்டுகொண்டே போகிறது

இது பிழையே இல்லை. மேலே உள்ள படம் 47, 21, 68, 12, 35, 59, 80, 29, 42 என்ற வரிசையில் இட்டால் வரும். அதே 9 எண்களை 12, 21, 29 என்று சிறியதில் இருந்து வரிசையாக இடுங்கள். ஒவ்வொன்றும் முந்தியதின் வலப் பக்கமே போகும். மரம் தடியாகிவிடும், சரிந்த ஒற்றைக் கம்பு. அதில் 80 ஐத் தேட 9 கணுவும் பார்க்க வேண்டும். முதல் படத்தில் 3 தான்.

9 எண்ணில் இது உறைக்காது. எல்லா மட்டமும் நிரம்பிய மரத்தில் 1023 எண் இருந்தால் ஆக மோசமான தேடலும் 10 கணுவில் முடியும். ஏறுவரிசையில் இட்ட தடியில் 1023 வரை போகலாம்.

மலிவான மருந்து, இடும் வரிசையைக் கலைப்பது. அதற்கு அடுத்தது தானே சமன் செய்துகொள்ளும் மரம். 1962 இல் வந்த ஏவிஎல் மரம் அதில் முதலாவது. அதில் கணுக்களைச் சுழற்றும் படங்கள் வரும். அந்தப் படங்களைத் தனியே உட்கார்ந்து புரிந்துகொள்ள முயன்று ஒரு கிழமையை வீணாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன். ஒருவர் கரும்பலகையில் கணுவை அழித்து அழித்து வரைந்து காட்டினால் அரை மணித்தியாலத்தில் விளங்கும். இது நேரே ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்.

## அறிகுறி 6: கையால் கட்டிய மரமும் கணினி கட்டிய மரமும் ஒத்துவரவில்லை

எண்களில் இப்படி வந்தால், அவை எண்களாக உள்ளே போயினவா எழுத்துகளாகப் போயினவா என்று பாருங்கள். விசைப்பலகையில் இருந்து வாங்கிய `"9"`, `"10"` இரண்டும் எழுத்தாக இருந்தால் கணினி முதல் எழுத்தை ஒப்பிட்டு 9 ஐப் பெரியது என்று வைக்கும். `int()` போட்டால் தீரும்.

தமிழ்ப் பெயர்களில் வந்தால் அவ்வளவு லேசில்லை. ஒரு தம்பி மட்டக்களப்பு, அம்பாறை ஊர்ப்பெயர்களை வைத்து மரம் கட்டினான். கொப்பியில் மாவடிவேம்பு இடப் பக்கம், மாளிகைக்காடு வலப் பக்கம். கணினியில் நேரெதிர். இருவரில் யார் பிழை என்று கேட்டால் யாருமில்லை. நம் அகரவரிசையில் ய, ர, ல, வ, ழ, ள என்று வ முந்தி வரும். கணினி யூனிகோட் எண்ணை ஒப்பிடுகிறது, அதில் ள, ழ இரண்டும் வ வுக்கு முன்னே இருக்கின்றன. இதைச் செய்து பாருங்கள்:

```python
print("மாவடிவேம்பு" < "மாளிகைக்காடு")
```

`False` என்று வரும். படம் வரைவது மட்டும்தான் வேலை என்றால், கணினியின் வரிசையையே வைத்துக்கொண்டு கொப்பியில் உள்ளதை மாற்றி வரையுங்கள். இடும்போதும் தேடும்போதும் ஒரே வரிசையைப் பாவித்தால் தேடல் தவறாது. பட்டியல் அகராதி ஒழுங்கில்தான் வெளியே வர வேண்டும் என்றால் தமிழ் வரிசை தெரிந்த ஒப்பிடும் முறை ஒன்றை நிரலுக்குள் கொண்டுவர வேண்டும். முதலாம் வருடத்தில் அதைத் தனியாகத் தொட வேண்டாம், முன்பு செய்த ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.